வராத ஐசுக்கு வந்த பில்!

மார்ச் மாதக் கடைசி வாரத்தில் நமது ஜில்லாவின் ஆபீசுகள் பலவற்றில் இரவு வெகுநேரம் விளக்கு எரியும். கூட்டுறவு சங்கமானாலும், மீன் கம்பெனியானாலும், பஞ்சாலையானாலும் மார்ச் 31 அன்று வருஷக் கணக்கை முடித்தாக வேண்டும். விளக்கு எரிவதில் தவறில்லை. அந்த வெளிச்சத்தில் என்ன எழுதப்படுகிறது என்பதுதான் கேள்வி.

கணக்கு என்றதும் "அது படித்தவர்கள் விஷயம், ஆடிட்டர் பார்த்துக்கொள்வார்" என்று நம்மில் பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். ஆடிட்டர் பார்ப்பது பெரும்பாலும் காகிதத்தை. லாரியிலிருந்து சரக்கை இறக்கிய தோள் நம்முடையது. எந்தச் சரக்கு வந்தது, எது வரவே இல்லை என்பது நமக்குத் தெரிந்த அளவு அவருக்குத் தெரியாது. கள்ளக் கணக்கு அகப்படுவது அநேகமாகக் காகிதமும் சரக்கும் சந்திக்கும் அந்த இடத்தில்தான்.

பீகாரில் நடந்த மாட்டுத் தீவன ஊழலை எடுத்துக்கொள்வோம். 1996ம் வருஷம் ஜனவரி மாதம், அப்போது பீகாரிலும் இப்போது ஜார்க்கண்டிலும் உள்ள சாய்பாசாவில், மாவட்ட அதிகாரி அமித் கரே கால்நடைத் துறை ஆபீசுகளைச் சோதனையிட்டார். துறைக்கு ஒதுக்கிய பணத்தைக் காட்டிலும் அதிகமாகக் கஜானாவிலிருந்து எடுக்கப்பட்டிருந்ததே அவருக்கு முதலில் சந்தேகத்தைக் கிளப்பியது. பில்களைப் பிரித்தால், பல பில்கள் ஒரே தொகைக்கு! தீவனமும் மருந்தும் சப்ளை செய்ததாகச் சொல்லப்பட்டவர்களில் பலர் காகிதத்தில் மட்டுமே வாழ்ந்தவர்கள். மாடுகளையும் தீவனத்தையும் ஏற்றி வந்ததாக எழுதியிருந்த வண்டி எண்களைப் பதிவு ஆபீசில் ஒப்பிட்டபோது, சில எண்கள் ஸ்கூட்டருடையவை என்று தெரிந்தது. ஸ்கூட்டரில் காளை மாடு! சாய்பாசா கஜானா ஒன்றிலிருந்தே சுமார் 37 கோடி ரூபாய். மொத்தத்தில் 900 கோடிக்கு மேல். 2013ல் முன்னாள் முதலமைச்சர் லாலு பிரசாத் உட்படப் பலருக்கு இந்த வழக்கில் தண்டனை கிடைத்தது.

வண்டி எண்ணை ஒப்பிட்டுப் பார்க்க பெரிய படிப்பு எதுவும் வேண்டியதில்லை. இதே வேலையை நமது கரையில் எப்படிச் செய்வது? எந்த ஊர்ச் சங்கத்தையும் குறிக்காமல், ஒரு கற்பனைக் கணக்கை வைத்துச் சொல்கிறோம்.

கடற்கரையில் ஒரு மீனவர் சங்கம். அங்கத்தினர்களின் விசைப்படகு கடலுக்குப் புறப்படும் நாளில் சங்கம் ஐஸ் வாங்கிக் கொடுக்கிறது. வருஷாந்தரக் கணக்கில் மார்ச் மாத ஐஸ் செலவு என்று 3,03,800 ரூபாய் காட்டப்பட்டிருக்கிறது. ஒரே வியாபாரியின் பில்கள் 31. ஒவ்வொன்றும் 9,800 ரூபாய்க்கு. பாளம் ஒன்று 140 ரூபாய் வீதம் 70 பாளம்.

முதலில் தேதியைப் பாருங்கள். 31 நாளுக்கு 31 பில்! விசைப்படகு வாரத்தில் மூன்று நாள்தான் கடலுக்குப் போகிறது என்பது ராமேஸ்வரத்தில் சின்னப் பையனுக்கும் தெரியும். புறப்படாத படகுக்கு ஐஸ் எதற்கு? பில் எழுதியவருக்குக் கடல் தெரியவில்லை, காலண்டர் மட்டும் தெரிந்திருக்கிறது.

அடுத்து பில் எண். 101ல் தொடங்கி 131 வரை ஒன்று விடாமல் ஓடுகிறது. நிஜமான ஐஸ் வியாபாரி நமக்கு ஒரு பில் போட்டால், அடுத்த பில்லை வேறு யாருக்காவது போடுவார். எண் தாவித் தாவித்தான் வரும். ஒரு மாதம் முழுக்க எண் தொடர்ச்சியாக வந்தால் அந்த வியாபாரிக்கு உலகத்திலேயே வேறு வாடிக்கைக்காரர் இல்லை என்று பொருள். அப்படியும் ஒருவர் இருக்கலாம். ஆனால் அவரை நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.

பிறகு தொகை. 9,800 ஏன்? இந்தச் சங்கத்தில் 10,000 ரூபாய் வரை காரியதரிசி தனியாகக் கையெழுத்திடலாம், அதற்கு மேல் போனால் நிர்வாகக் குழு சம்மதிக்க வேண்டும் என்று விதி. ஆகவே பில்கள் எல்லாம் அந்த வேலியைத் தாண்டாமல் அதை ஒட்டியே நிற்கின்றன. இதுவும் சந்தேகத்துக்கு உரிய அடையாளம்.

கடைசியாக வண்டி. ஒரு பாளம் 50 கிலோ என்றால் 70 பாளம் மூன்றரை டன். பில்லில் எழுதிய எண்ணோ, நம் ஊரில் சின்ன யானை என்று சொல்லும் குட்டி வண்டியினுடையது. அது முக்கால் டன் அளவுக்குத்தான் சுமக்கும். அந்த எண்ணுக்கு உரிய டிரைவர் பெரும்பாலும் நமக்குத் தெரிந்தவராகவே இருப்பார். கேட்டால் சொல்லிவிடுவார்.

பில்லில் ஜி.எஸ்.டி. எண் இருந்தால் இன்னொரு சோதனையும் உண்டு. அந்த 15 எழுத்து எண்ணை சர்க்காரின் ஜி.எஸ்.டி. இணையதளத்தில் போட்டால் யார் பெயரில், எந்தத் தேதியில் பதிவானது, ரத்தாகிவிட்டதா என்பது தெரியும். தமிழ்நாட்டில் பதிவான எண் 33 என்று தொடங்கும். பதிவுக்கு முந்திய தேதியில் அந்த எண்ணோடு பில் இருந்தால் மேற்கொண்டு கேள்விக்கு இடமில்லை. ஆனால் ஒன்று: சிறு வியாபாரிகள் பலருக்கு இந்த எண் அவசியமே இல்லை. எண் இல்லை என்பதற்காக ஒரு ஏழை ஐஸ்காரரைத் திருடன் என்று சொல்லிவிடக் கூடாது.

சரி, இல்லாத வியாபாரிக்கு யார் பணம் கொடுத்தார்கள்? ரொக்கப் புத்தகத்தைப் பார்த்தால் மார்ச் மாதத்தில் ஐசுக்காக ஒரு ரூபாய்கூட வெளியே போகவில்லை! இங்கேதான் ஜர்னல் வருகிறது. பணம் கைமாறாமல், ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குத் தொகையை மாற்றி எழுதுவது ஜர்னல் பதிவு.

சங்கதி இதுதான். காரியதரிசி ஆகஸ்ட் மாதம் முதல் கொஞ்சம் கொஞ்சமாக 3,04,000 ரூபாய் முன்பணம் எடுத்திருக்கிறார். அது பேரேட்டில் அவர் பெயரில் பற்றாக நிற்கிறது. மார்ச் 31 அன்றும் நின்றால் ஆடிட்டர் கேட்பார், மகாசபையும் கேட்கும். ஆகவே 31ந் தேதி இரவு ஒரே ஒரு வரி: "ஐஸ் செலவு பற்று, காரியதரிசி முன்பணம் வரவு, 3,03,800." வியாபாரிக்கு அவர் கையிலிருந்தே கொடுத்துவிட்டாராம், அதற்கு ஆதாரமாக அந்த 31 பில்கள். மீதி 200 ரூபாயை ரொக்கமாகக் கட்டி ரசீதும் வாங்கிக்கொண்டார். நாணயஸ்தர்!

இந்த ஒரு வரியால் அவர் பட்ட கடன் சங்கத்தின் செலவாக மாறிவிட்டது. லாபம் அந்த அளவுக்குக் குறைந்தது; அங்கத்தினர்களின் பங்கு ஈவும் குறைந்தது. பணமோ ஆகஸ்டிலேயே போய்விட்டது.

இதற்கு ஒரு தம்பியும் உண்டு. மார்ச் 30ல் முன்பணம் முழுவதையும் எங்கேயோ கடன் வாங்கிக் கட்டிவிட்டு, ஏப்ரல் 2ல் மறுபடியும் எடுத்துக்கொள்வது. 31ந் தேதி கணக்கு கண்ணாடி போல இருக்கும். வருஷக் கணக்கைப் பார்க்கிறவர்கள் ஏப்ரல் முதல் வாரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது இதற்காகத்தான். அனாமத்துக் கணக்கில் மார்ச் கடைசியில் மறைந்து ஏப்ரலில் முளைக்கும் தொகைகளும் இதே ஜாதி.

இது காரியதரிசிகளின் சில்லறை வித்தை மட்டுமல்ல. அமெரிக்காவில் வேர்ல்டுகாம் என்ற பிரம்மாண்டமான டெலிபோன் கம்பெனி செய்ததும் இதே ஜர்னல் வித்தைதான். பிறருடைய கம்பிகளைப் பயன்படுத்துவதற்குக் கொடுத்த வாடகையை, செலவு என்று எழுதாமல் சொத்து என்று மாற்றி எழுதினார்கள். வாடகைக்கு இருக்கிறவர் கொடுத்த வாடகையை வீட்டின் விலை என்று எழுதிக்கொள்வது மாதிரி! நஷ்டம் லாபமாகிவிட்டது. மூன்று மாதக் கணக்கு முடிகிற சமயத்தில், தலைமை ஆபீசின் உத்தரவின் பேரில், ஆதாரத் தஸ்தாவேஜு எதுவும் இல்லாமல் பிரம்மாண்டமான தொகைகள் மாற்றப்பட்டன. கம்பெனியின் உள் தணிக்கையாளர் சிந்தியா கூப்பரும் சகாக்களும் இரவில் உட்கார்ந்து அந்தப் பதிவுகளைத் தோண்டினார்கள். 2002 ஜூன் 25 அன்று 380 கோடி டாலர் பொய்க் கணக்கு என்று கம்பெனியே ஒப்புக்கொள்ள நேர்ந்தது. அடுத்த மாதமே திவால். அந்தச் சமயத்தில் 17,000 பேரை வேலையிலிருந்து நீக்குவதாகவும் கம்பெனி அறிவித்தது. ஜர்னலில் எழுதியவர்கள் ஒரு சிலர். தெருவுக்கு வந்தவர்கள் எத்தனை பேர், பாருங்கள்!

வருஷக் கடைசியில் எழுதும் பதிவெல்லாம் கள்ளம் என்று நினைத்துவிடக் கூடாது. யந்திரத் தேய்மானம், மார்ச் மாதத்துக் கொடுபடாத கூலி, கையிருப்புச் சரக்கின் மதிப்பு இவையெல்லாம் கடைசி நாளில்தான் எழுதப்படும், எழுதாவிட்டால்தான் தவறு. அவை வருஷா வருஷம் ஏறக்குறைய ஒரே மாதிரி வரும், கணக்கிட்ட தாளும் கூடவே இருக்கும். சந்தேகத்துக்கு உரியவை வேறு. சென்ற வருஷம் இல்லாத பதிவு. முழுத் தொகையாக, ஐந்து லட்சம், பத்து லட்சம் என்று நிற்பது. வழக்கமான குமாஸ்தா எழுதாமல் மேலே இருப்பவர் எழுதியது. ஏப்ரலில் திருப்பி எழுதப்பட்டது. இவற்றுக்கு விளக்கம் கேட்க வேண்டும். நியாயமான விளக்கமும் கிடைக்கலாம்.

பஞ்சாலைத் தோழர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. போனஸ் பேச வரும்போது நிர்வாகம் நஷ்டக் கணக்கை நீட்டுகிறது. 1965ம் வருஷத்துப் போனஸ் சட்டத்தின் 23வது பிரிவு, ஆடிட் ஆன கணக்கைச் சரியானது என்றே கொள்ளச் சொன்னது. ஆனால் குறிப்பிட்ட இனத்துக்கு விளக்கம் வேண்டும் என்று சங்கம் டிரிபியூனலில் மனுச் செய்யலாம் என்றும் அதே பிரிவு சொன்னது. அந்தச் சட்டத்தின் இடத்துக்கு வந்த 2019ம் வருஷத்து ஊதியத் தொகுப்புச் சட்டத்திலும் இந்த வழி இருக்கிறது. "கணக்கு பொய்" என்று மொட்டையாகச் சொன்னால் மனு நிற்காது. எந்த இனம், எந்தத் தேதி, எந்தப் பில் என்று சொல்ல வேண்டும்.

அதற்கான சாட்சி ஆலை வாசலில் இருக்கிறது. ஒரு பேல் பஞ்சு 170 கிலோ. நூறு பேல் வந்தால் கேட் பதிவேட்டில் லாரி எண் இருக்கும், எடைச் சீட்டு இருக்கும், இறக்கிய ஆட்களுக்குக் கூலி எழுதிய சீட்டும் இருக்கும். மார்ச் 28ல் நூறு பேல் வாங்கியதாகப் பில் இருந்து, அன்று இறக்குக் கூலி ஒரு காசும் எழுதப்படவில்லை என்றால், டிரிபியூனல் முன் வைக்க வேண்டிய இனம் அதுதான். அன்று கேட்டில் நின்றவரும், இறக்க வந்த கொத்தின் மேஸ்திரியும் யார் என்று இப்போதே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வருஷம் கழித்துக் கேட்டால் தேதி யாருக்கும் நினைவிருக்காது.