1413 என்ற எண்ணும் மும்பையின் வெப்பமும்

மும்பை நீர்மாதிரிகளைப் பற்றிய ஆய்வேடுகளில் ஒரு வாக்கியம் திரும்பத் திரும்ப வருகிறது: "கடத்துத்திறன், கடத்துத்திறன்மானியால் அளக்கப்பட்டது." அவ்வளவுதான். அளந்தபோது நீரின் வெப்பநிலை என்ன, கலமாறிலி எவ்வளவு, அதை யார், எந்த வெப்பநிலையில் நிர்ணயித்தார் என்பதற்கு ஒரு சொல்கூட இல்லை. கேட்டால், "மீட்டரில் ATC இருக்கிறது, அது பார்த்துக்கொள்ளும்" என்ற பதில் வருகிறது. அந்தப் பதிலை எதிர்த்தே இதை எழுதுகிறேன்.

கருவி நேரடியாக அளப்பது கடத்துத்திறனை அன்று. இரு மின்முனைகளுக்கு இடையே உள்ள நீரின் தடையை அளந்து, அதன் தலைகீழியான கடத்துமையைப் பெறுகிறது. அதைக் கலமாறிலியால் பெருக்கினால்தான் கடத்துத்திறன் கிடைக்கும். மின்முனைகளின் இடைத்தூரத்தை அவற்றின் பரப்பால் வகுத்தால் வருவது கலமாறிலி. அது உலோகத்தின் வடிவம் பற்றிய எண். நீரின் வெப்பநிலைக்கும் அதற்கும் தொடர்பில்லை என்றே சொல்லலாம். நீரின் கடத்துத்திறனோ வெப்பநிலை ஒரு டிகிரி ஏறினால் ஏறத்தாழ இரண்டு சதவீதம் கூடும். ஆகவே ஒப்பிடுவதற்காக அனைத்தையும் 25 டிகிரிக்கு மாற்றிச் சொல்கிறோம். இவை இரண்டும் தனித்தனி வேலைகள். நம் ஆய்வகங்களில் இவை ஒன்றாகக் குழம்பிவிடுகின்றன.

குழப்பம் பிறக்கும் இடம் நியமக் கரைசல் குப்பி. 0.01 மோலார் பொட்டாசியம் குளோரைடின் கடத்துத்திறன் 1413 மைக்ரோசீமென்ஸ்/செ.மீ. என்று அதன் மேல் அச்சிட்டிருக்கிறது. கூடவே, சிறிய எழுத்தில், 25 டிகிரியில் என்றும் இருக்கிறது. மாட்டுங்காவிலோ செம்பூரிலோ குளிரூட்டி இல்லாத ஆய்வகத்து மேசையில் அந்தக் கரைசல் பெரும்பாலும் 30 டிகிரியில் இருக்கும். அப்போது அதன் உண்மையான கடத்துத்திறன் 1552. மாணவர் வெப்பநிலை ஈடுசெய்தலை அணைத்து வைத்துக்கொண்டு, திரையில் 1413 தெரியும்வரை கலமாறிலியைத் திருத்துகிறார். 1.00 ஆக இருக்கவேண்டிய மாறிலி 0.91 ஆகப் பதிவாகிறது. வெப்பநிலை செய்த வேலையை அவர் உலோகத்தின் தலையில் ஏற்றிவிட்டார்.

இந்தப் பிழை முதல் நாளில் தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. செம்பூரில் ஓர் ஆழ்துளைக் கிணற்று நீரை எடுத்துக்கொள்வோம். 25 டிகிரியில் அதன் மெய்யான மதிப்பு 800 என்று கொள்வோம். 30 டிகிரியில் அது 880 ஆகிறது. பிழையான 0.91-ஆல் பெருக்கினால் திரையில் 801 தெரிகிறது. ஈடுசெய்தல் அணைந்திருக்கிறது, மாறிலியும் தவறு. ஆனாலும் விடை சரி! ஒரு பிழை மற்றொன்றை அடித்துவிட்டது. வழிகாட்டி வேறு கருவியுடன் ஒப்பிட்டுப் பார்த்தாலும் பொருந்தும். மாணவருக்குத் தம் அளவுத்திருத்தத்தின் மீது நம்பிக்கை வந்துவிடுகிறது. இந்த நம்பிக்கையைத்தான் நான் ஆபத்தானது என்கிறேன்.

மே மாதத்தில் இப்படி அளந்தார்கள். அக்டோபரில் வேறொருவர் அதே கருவியை எடுத்து, முறையாகச் செய்வோம் என்று ATC-ஐ இயக்குகிறார். அதே நீர், அதே 30 டிகிரி. கருவி 801-ஐ 1.10-ஆல் வகுத்து 728 என்று காட்டுகிறது. குளிரூட்டிய அறையில் நீரை 25 டிகிரிக்குக் கொண்டுவந்து அளந்திருந்தாலும் அதே 728தான் வந்திருக்கும். ஆய்வேட்டில் என்ன எழுதப்படும்? "பருவமழை நிலத்தில் ஊறியதால் உவர்ப்பு ஒன்பது சதவீதம் குறைந்தது." கிணற்றில் எதுவும் நடக்கவில்லை, பொத்தானை அழுத்தியது மட்டுமே நடந்தது. அதற்கொரு வரைபடமும், நீரியல் விளக்கமும், ஆய்விதழில் இடமும் கிடைத்துவிடும்.

ஒப்பீட்டு ஆய்வுக்கு ஒன்பது சதவீதம் பெரிதல்ல என்போருக்கு இன்னொரு கணக்கு. கடத்துத்திறனை 0.65-ஆல் பெருக்கிக் கரைந்த திடப்பொருளைக் கணக்கிடுவது வழக்கம். (அந்தக் குணகமே நீருக்கு நீர் மாறும், அது தனிச் சண்டை.) 800-க்கு 520 மில்லிகிராம்/லிட்டர் வருகிறது, 728-க்கு 473. குடிநீருக்கான ஐ.எஸ். 10500 தரத்தில் ஏற்கத்தக்க எல்லை 500. மெய்யாக எல்லையைத் தாண்டிய கிணறு அட்டவணையில் எல்லைக்குள் வந்துவிட்டது. குழாய்நீர் போதாமல் அந்தக் கிணற்றை நம்பும் சாலுக்கு நாம் கொடுக்கும் தாளில் இந்த 473 இருக்கும்.

இது தற்செயல் பிழையாக இருந்தால் பல அளவீடுகளின் சராசரியில் கரைந்துபோகும். மும்பையில் அப்படிக் கரையாது. மேசை வெப்பநிலை ஆண்டின் பெரும்பகுதி 25-க்கு மேலேயே நிற்பதால், தவறாகத் திருத்திய மாறிலி எப்போதும் ஒரே பக்கம், குறைவாகவே சாயும். 20 முதல் 25 டிகிரிக்குள் இயங்கும் ஐரோப்பிய ஆய்வகத்தின் அசட்டை நமக்குக் கட்டுப்படியாகாது.

கண்டுபிடிப்பது கடினமும் அன்று. கருவியில் பதிந்திருக்கும் கலமாறிலியை, கலத்தின் வடத்திலோ சான்றிதழிலோ தயாரிப்பாளர் தந்த எண்ணுடன் ஒப்பிடுங்கள். ஐந்து சதவீதத்துக்கு மேல் விலகினால் நின்று பாருங்கள். எந்தத் திசையில் விலகியது என்பதையும் பாருங்கள். மின்முனையில் எண்ணெயோ கழிவுநீரின் படலமோ படிந்தால் செயல்படும் பரப்பு குறையும், ஆகவே மாறிலி கூடும். மாறிலி குறைந்திருந்தால் அழுக்கைக் குறைசொல்ல முடியாது. வெப்பமான கரைசலைக் கொண்டு 1413-க்குத் திருத்தியிருப்பார்கள், அல்லது மூடாத குப்பியில் கரைசல் ஆவியாகிச் செறிந்திருக்கும். இந்த இரண்டில் எது என்பதைப் புதிய கரைசல் சொல்லிவிடும்: உலர்த்திய பொட்டாசியம் குளோரைடு 0.7456 கிராம், நல்ல வடிநீர், ஒரு லிட்டர் அளவுக்குடுவை. இதற்கு நிதி ஒதுக்கீடு வேண்டியதில்லை.

ATC-ஐயும் தனியே சோதிக்கலாம். ஒரே மாதிரியை 25 டிகிரியிலும் 32 டிகிரியிலும் அளந்தால் ஒரே எண் வரவேண்டும். வராவிட்டால் கருவியில் பதிந்த குணகம் அந்த நீருக்குப் பொருந்தவில்லை, அல்லது வெப்ப உணரி நீரின் வெப்பத்தை எட்டுமுன் எண்ணைக் குறித்துவிட்டீர்கள். வெயிலிலிருந்து வந்த குப்பியைக் குளிர்ந்த அறையில் திறந்தவுடன் அளப்போர் இந்த இரண்டாவது காரணத்தை மறப்பதே வழக்கம். ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: சாதாரண இயற்கை நீருக்கு இரண்டு சதவீதக் குணகம் தாராளமாகப் போதும். வடிநீருக்குப் போதாது, மிகத் தூய நீரில் அது ஐந்து சதவீதத்தை நெருங்கும். ஆனால் இந்தச் சோதனையில் தேறிய கருவியின் மாறிலியும் சரி என்று எண்ணவேண்டாம். 0.91 உள்ள கருவியும் இதில் நன்றாகத் தேறும்; இரண்டு வெப்பநிலையிலும் ஒரே தவறான எண்ணைக் காட்டும்.

தாராவியை ஒட்டி மாஹிம் கழிமுகத்துக்குச் செல்லும் மித்தி ஆற்றில் இன்னொரு சிக்கல் சேர்கிறது. அங்கே அலையேற்றத்தில் கடல்நீர் உள்ளே வரும். கடல்நீரின் கடத்துத்திறன் 25 டிகிரியில் ஏறத்தாழ 53,000. 1413 என்ற ஒற்றைப் புள்ளியில் திருத்திய இரட்டை மின்முனைக் கலத்தை அதில் அமிழ்த்தினால், மின்முனைப் பரப்பில் அயனிகள் திரள்வதால் கருவி குறைத்துக் காட்டக்கூடும். இதைத் தவிர்க்கவே கோல்ராவுஷ் 19-ஆம் நூற்றாண்டிலேயே மாறுமின்னோட்டத்துக்குப் போனார். மித்திக்குப் போகிறவர்கள் 0.1 மோலார் கரைசலையும் எடுத்துச் செல்லவேண்டும். அது 25 டிகிரியில் 12,880 காட்டவேண்டும். காட்டாவிட்டால் அந்தக் கலம் அந்த நீருக்கு உரியதன்று. மாறிலி 10 உள்ள கலமோ நான்கு மின்முனைக் கலமோ தேவை.

தேர்வாளர்களிடம் நான் கேட்பது நான்கு எண்களை. அளந்தபோதைய வெப்பநிலை, ஈடுசெய்யாத மூல அளவு, பயன்படுத்திய குணகம், அன்று காலையும் மாலையும் நியமக் கரைசல் காட்டிய எண். இவை இருந்தால் 0.91 என்ற பிழையைப் பத்தாண்டுகளுக்குப் பிறகும் ஒருவர் திருத்திக்கொள்ளலாம். இவை இல்லாத 728-ஐ யாராலும் எதுவும் செய்யமுடியாது. வாய்மொழித் தேர்வில் கலமாறிலியின் வரையறையைக் கேட்பதை விட்டுவிட்டு, "உங்கள் கலத்தின் மாறிலி எவ்வளவு, கடைசியாக எப்போது, எத்தனை டிகிரியில் பார்த்தீர்கள்?" என்று கேளுங்கள்.