சட்டை தைக்க ஒரு வாரம்

இந்த இதழுக்கு வந்த கதைகளில் காதலைச் சொல்லும் காட்சிகள் பல இருந்தன. அவற்றில் பெரும்பாலும் இருவரும் வாய் திறக்கவில்லை. அவர்களுக்குப் பதிலாக எழுதியவர் பேசிக்கொண்டிருந்தார். கண்கள் சந்தித்தன, மௌனம் கனத்தது, சொல்லாத சொல் நடுவே நின்றது என்று ஒவ்வொரு கதையிலும் ஏதோ ஒரு வரி. பாத்திரங்களின் வாயிலிருந்து பிடுங்கிய வசனத்தைக் கதைசொல்லியின் வாயில் வைத்துவிட்டால் அது அடக்கமான காட்சி ஆகிவிடாது. அனுப்பியவர்களுக்குத் தனித்தனியாக எழுதத் தொடங்கினேன். ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்ப எழுதுவதை உணர்ந்ததால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

செகாவின் ‘செர்ரித் தோட்டம்’ 1904இல் மேடையேறியது. அதன் கடைசி அங்கத்தில் லோபாகினும் வார்யாவும் தனியே நிற்கும் சிறு காட்சி ஒன்று உண்டு. வீடு விற்றாகிவிட்டது, எல்லோரும் கிளம்புகிறார்கள். வார்யா மூட்டைகளுக்கு நடுவே எதையோ தேடுகிறாள். இனி எங்கே போவாய் என்று அவன் கேட்கிறான். ஒரு குடும்பத்தில் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு ஒப்புக்கொண்டதாகச் சொல்கிறாள். பிறகு அவன் வானிலையைப் பற்றிப் பேசுகிறான்: போன வருடம் இதே சமயத்தில் பனி பெய்தது, இப்போது வெயில், ஆனால் குளிர் மூன்று டிகிரி. தான் பார்க்கவில்லை என்கிறாள் அவள், வீட்டு வெப்பமானி உடைந்துவிட்டதையும் சொல்கிறாள். வெளியிலிருந்து யாரோ அவனைக் கூப்பிடுகிறார்கள். அதற்காகவே காத்திருந்தவன் போல விரைந்து போய்விடுகிறான்.

குளிரையும் வெப்பமானியையும் பற்றிய இந்தப் பேச்சு ஏன் நெஞ்சை அறுக்கிறது? பேச்சை மட்டும் வெட்டி எடுத்து ஒருவரிடம் காட்டினால் அதில் ஒன்றுமே தெரியாது. செகாவ் வேலையை முன்பே முடித்துவிட்டார். இவர்கள் இருவருக்கும் கல்யாணம் என்று ஊரே பேசுவதும், அவன் இன்னும் வாய் திறக்காததும் முதல் அங்கத்திலேயே வந்துவிடுகின்றன. மூன்றாம் அங்கத்தில் அவளை அவன் மனைவி என்றே கேலி செய்கிறார்கள். இந்தக் காட்சிக்குச் சற்று முன்னால் வார்யாவின் வளர்ப்புத் தாய் ரனேவ்ஸ்கயா அவனிடம் நேரடியாகவே கேட்கிறாள். இப்போதே பேசி முடித்துவிடுவதாக அவனும் ஒப்புக்கொள்கிறான். அதன் பிறகுதான் வார்யா உள்ளே வருகிறாள். அவன் என்ன சொல்ல வந்திருக்கிறான் என்பது நமக்குத் தெரிந்திருப்பதால், அவன் வானிலையைத் தொட்டதும் நமக்குப் பதறுகிறது.

ஆக, உள்ளே ஓடும் பொருள் அந்தக் காட்சிக்குள் உண்டாவதில்லை. முந்தைய பக்கங்களில் சேர்த்து வைத்ததைத்தான் காட்சி செலவழிக்கிறது. நம் அகப்பாடல்களில் இந்தச் சேமிப்பு மரபாகவே கிடைத்தது. தொல்காப்பியம் சொல்லும் உள்ளுறை உவமம், தெய்வம் தவிர்த்த மற்றக் கருப்பொருள்களை வைத்து நடக்கும். பறவையையும் மீனையும் பூவையும் சொல்லிவிட்டு, எதற்கு உவமை என்று சொல்லாமல் கவி விலகிக்கொள்ளலாம். திணை அறிந்த செவி மீதியைத் தானே நிரப்பிக்கொள்ளும். இன்றைய சிறுகதைக்கு அப்படியொரு பொது ஒப்பந்தம் இல்லை. ஒவ்வொரு கதையும் தன் திணையைத் தானே முதல் பக்கங்களில் கட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நானே எழுதித் திருத்திய ஒரு காட்சியைச் சொல்கிறேன். மன்னார்குடியில் தையல் கடை வைத்திருக்கும் ஒரு பெண். வயது நாற்பதுக்கு மேல். பல வருடங்களாக அவளிடமே சட்டை தைத்துக்கொள்ளும் வங்கி எழுத்தர் ஒருவர். அவருக்குத் திருநெல்வேலிக்கு மாற்றல் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை கிளம்ப வேண்டும். புதன்கிழமை கடைக்கு வருகிறார். முதல் எழுத்தில் அவர், “உங்களை விட்டுட்டுப் போக மனசே வரல” என்றார். அவள் தலை குனிந்தாள். தையல் இயந்திரத்தின் ஓசை நின்றது, காலமும் நின்றது என்று எழுதியிருந்தேன்.

இரண்டாவது முறை எழுதும்போது முதலில் அவர் கையில் ஒரு சட்டைத்துணியைக் கொடுத்தேன். வந்ததற்கு ஒரு காரணம் வேண்டும். பேச்சு தாங்க முடியாமல் போகும் இடத்தில் இருவரும் பார்த்துக்கொண்டிருக்க ஒரு பொருளும் வேண்டும். பிறகு கதையின் இரண்டாம் பக்கத்துக்குத் திரும்பிப் போய் ஒரே ஒரு தகவலை வைத்தேன். தீபாவளிக்கு முந்தின நாள் அவர் கொடுத்த துணியை அன்று இரவே தைத்து, காஜாவும் கையாலேயே எடுத்து, விடிந்ததும் கொடுத்திருக்கிறாள். அங்கே அது அவளுடைய தொழில் திறமையைக் காட்டும் வரி மட்டுமே. காட்சி இப்படி மாறியது:

“அளவு எடுக்கணுமா?”

“வேணாம் சார், இருக்கு.” அளவு நோட்டு மேஜையில் மூடியே கிடந்தது.

“எப்போ கிடைக்கும்?”

“காஜாவுக்கு வெளியில குடுக்கணும். ஒரு வாரம் ஆகும்.”

“வெள்ளிக்கிழமை கிளம்பறேனே.”

“கூரியர்ல அனுப்பி வைக்கவா?”

அவர் துணியின் மடிப்பை நீவினார். “கசங்கிடும். நானே வந்து வாங்கிக்கறேன்.”

காதலை அவள் சொன்ன இடம் ‘ஒரு வாரம் ஆகும்’. அவர் சொன்ன இடம் ‘கசங்கிடும்’. இரண்டுமே பொய். இரண்டும் பொய் என்பது இருவருக்கும் தெரியும், தீபாவளிச் சட்டையைப் படித்த வாசகருக்கும் தெரியும். ஒரு சட்டைக்காக யாரும் திருநெல்வேலியிலிருந்து ஒரு இரவு முழுக்கப் பயணம் செய்து வருவதில்லை. சொன்ன காரணம் செய்யும் காரியத்துக்குப் போதாமல் நிற்கிறது. அந்தப் போதாமை வழியாகத்தான் மனசு வெளியே தெரிகிறது. கூரியர் பேச்சைச் சேர்க்க எனக்கு வெகுநாள் ஆனது. அதை இருவருக்கும் ஒரு வாசலாகத் திறந்துவைத்தேன். பேச்சை வெறும் வியாபாரமாகவே முடித்துக்கொண்டு அந்த வழியே போயிருக்கலாம். போகலாம் என்றிருந்தும் போகாததால்தான் அது ஒப்புதல் ஆகிறது. லோபாகினுக்கும் ஒரு வாசல் திறந்தது, வெளியிலிருந்து வந்த அந்தக் குரல். அவன் அதன் வழியே ஓடிவிட்டான்.

இப்படி எழுதிய காட்சி நிற்கிறதா என்று பார்க்க நான் இரண்டு பேரிடம் கொடுப்பேன். ஒருவருக்கு அந்த ஒரு பக்கம் மட்டும், இன்னொருவருக்கு முழுக் கதை. ஒரு பக்கம் மட்டும் படித்தவர் ‘சட்டை தைக்கக் கொடுக்கிறார், அவ்வளவுதானே’ என்று சொல்ல வேண்டும். அவருக்கே காதல் தெரிந்துவிட்டால் வசனம் அளவுக்கு மேல் உழைக்கிறது, எங்கோ ஒரு ‘தழுதழுத்தார்’ ஒளிந்திருக்கிறது. முழுக் கதை படித்தவரும் சட்டையைப் பற்றியே பேசினால் விதை போதவில்லை. அப்போது காட்சியில் ஒரு வரிகூடச் சேர்க்கக் கூடாது, முன்பக்கங்களுக்குத்தான் திரும்பிப் போக வேண்டும். இந்தத் தவறைத்தான் நல்ல கை உள்ளவர்களும் செய்கிறார்கள். புரியாமல் போய்விடுமோ என்ற பயத்தில் காட்சியின் முடிவில் ‘அவளுக்குப் புரிந்தது’ என்று எழுதிவிடுகிறார்கள். அதுவரை வாசகர் தானாகக் கண்டுபிடித்ததை அந்த ஒரு வரி அவர் கையிலிருந்து வாங்கிக்கொள்கிறது.

ஒன்றையும் காட்டவே கூடாதா என்று ஓர் இளம் நண்பர் கேட்டிருந்தார். காட்டலாம், ஆனால் மற்றவர் போன பிறகு. லோபாகின் போனதும் வார்யா தரையில் உட்கார்ந்து துணிமூட்டையில் தலை வைத்து மெல்ல அழுகிறாள். அவன் எதிரில் வெப்பமானியைப் பற்றிப் பேசியவள்தான். அதனால் என் கதையிலும் அவர் தெருமுனை திரும்பும்வரை காத்திருந்தேன். அவள் கடையின் பாதிக் கதவைச் சாத்திவிட்டு அந்தத் துணியை வெட்டுகிறாள். விடிவதற்குள் காஜாவும் எடுத்து முடித்துவிடுகிறாள். தேய்த்த சட்டை அடுத்த புதன் வரை கொக்கியில் தொங்குகிறது.