மூன்று வாய்ஸ் நோட், ஒரே நோட்டீஸ்

2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. மூச்சுத் திணறி மக்கள் தெருவுக்கு ஓடிவந்தார்கள். அந்தப் பக்கத்து அடுக்குமாடி ஒன்றின் சங்கச் செயலாளர், இதற்காக வாட்ஸ்அப்பில் மூன்று வாய்ஸ் நோட் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

"நாளைக்கு மீட்டிங்..."

"நாத்தம் வந்தா ஈரத்துணி கட்டுங்க, காத்தடிக்கிற பக்கம் போகாதீங்க..."

"எதுன்னாலும் எனக்குப் போன் போடுங்க."

முதலில் கேட்டதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். பிறகு மூன்று தலைப்புகளில் பிரியுங்கள்: என்ன அறிகுறி, என்ன செய்வது, யாரை அழைப்பது. மீட்டிங் தனி நோட்டீஸ். அதில் 'நாளை' வேண்டாம், தேதி போடுங்கள்.

'காத்தடிக்கிற பக்கம்' என்றால் காற்று வருகிற பக்கமா, போகிற பக்கமா? படிப்பவர் குழம்புவார். வாயு காற்றோடு போகும். அதனால், 'காற்று வீசும் திசைக்குக் குறுக்காக வெளியேறவும்' என்று எழுதி, செயலாளரிடம் காட்டிச் சரிபாருங்கள்.

அம்மோனியா தண்ணீரில் எளிதாகக் கரையும். ஈரத்துணி உதவுவது அதனால்தான். ஆனால் அது வெளியேறும் வரைக்கும்தான் என்பதையும் சேருங்கள்.

பக்கத்தின் அடியில் கட்டம் கட்டி எண்களைப் போடுங்கள்: அவசர உதவி 112, தீயணைப்பு 101, ஆம்புலன்ஸ் 108. அதன் கீழே செயலாளர், இன்னொரு பொறுப்பாளர் இருவரின் பெயர், வீட்டு எண், கைபேசி. செயலாளர் ஊரில் இல்லாத இரவும் வருமே! அந்த இரண்டு கைபேசி எண்களுக்கும் ஒருமுறை போன் போட்டுப் பார்த்த பிறகே அச்செடுங்கள்.

ஒரு பக்கத்தில் அடங்கவில்லையா? எழுத்தைச் சிறிதாக்காதீர்கள், வரிகளைக் குறையுங்கள். கண் எரியும்போது படிக்க வேண்டிய நோட்டீஸ் அது.