சம்பளமும் இல்லை, விடுப்பும் போச்சு

புதுச்சேரியில் அரசு எழுத்தனாக இருந்த எனக்கு, 1972-ஆம் ஆண்டு மத்திய அரசு விடுப்பு விதிகள் மனப்பாடம். அவற்றில் 25-ஆம் விதியோடு மட்டும் எனக்கு இன்றும் சண்டைதான்.

என் பிரிவில் ஒரு நண்பருக்கு மஞ்சள் காமாலை. டாக்டர் சான்றிதழ் கொடுத்து 30 நாள் விடுப்பில் போனார். குணமாகாமல் மேலும் 12 நாள் படுத்துவிட்டார். நீட்டிப்புக் கடிதம் விடுப்பு முடிந்த பிறகே வந்தது. அதிகாரி நீட்டிக்கவில்லை.

விதிப்படி அந்த 12 நாளுக்குச் சம்பளம் கிடையாது. போகட்டும். ஆனால் அதே 12 நாளை அரைச்சம்பள விடுப்புக் கணக்கிலும் கழிக்க வேண்டுமாம்! வருஷத்துக்குக் கிடைப்பதே 20 நாள். அரைச்சம்பளத்தைக் கொடுக்காமல் அரைச்சம்பள விடுப்பைக் கழிப்பது என்ன நியாயம்? பிரெஞ்சில் படித்தவன் நான். சொல்லுக்குப் பொருள் வேண்டும் என்பேன். இதில் பொருளே இல்லை.

ஒழுங்கு நடவடிக்கைக்காவது 'வேண்டுமென்றே' வராமல் இருந்திருக்க வேண்டும் என்கிறது விதி. சொல்லாமல் வராததெல்லாம் வேண்டுமென்றே வராததாகாது என்று 2012-இல் உச்ச நீதிமன்றமும் கிருஷ்ணகாந்த் பர்மார் வழக்கில் சொல்லிவிட்டது. அந்த இரக்கம் சம்பளக் கணக்கில் ஏன் இல்லை?

வேலையில் இருக்கும் பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள்: விடுப்பு முடியுமுன்பே புதுச் சான்றிதழோடு நீட்டிப்புக் கடிதம் போகட்டும், ஸ்பீடு போஸ்டில். வேலைக்குத் திரும்பும் நாளில் உடல்தகுதிச் சான்றிதழும் கையில் இருக்கட்டும். அது இல்லாமல் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள்.