“அண்ணா, கேட்டைத் திற!”

நம்ம காலேஜ்ல ‘அண்ணா’க்கு பஞ்சமே இல்லை. ஹாஸ்டல் வாட்ச்மேன் அண்ணா, பஸ் டிரைவர் அண்ணா, ஜெராக்ஸ் கடை அண்ணா. ரூம் பெருக்க வர்றவங்க எல்லாரும் அக்கா. நல்ல பழக்கம், குறை சொல்ல ஒண்ணும் இல்லை. ஆனா அந்த அண்ணாவுக்குப் பிறகு வாக்கியம் எப்படி முடியுதுன்னு ஒரு நாள் காது கொடுத்து கேட்டுப் பாருங்க.

“அண்ணா, கேட்டைத் திற.” “அக்கா, எங்க ரூம் ஏன் இன்னும் பெருக்கல நீ?”

இதே ஆள் பத்து நிமிஷம் கழிச்சு லேப்ல போய், “சார், கொஞ்சம் கதவு திறக்கிறீங்களா?”ன்னு கேட்பான். சாருக்கு முப்பது வயசு இருக்கும். வாட்ச்மேனுக்கு ஐம்பத்தஞ்சு.

இங்கிலீஷ்ல பேசுறவனுக்கு ஒரு வசதி இருக்கு. முதலாளிக்கும் ‘யூ’, வாட்ச்மேனுக்கும் ‘யூ’. தமிழ்ல அப்படி ஒளிய முடியாது. திற, திறங்க. வா, வாங்க. வினைச்சொல்லோட வால் பகுதியில மரியாதை உக்காந்திருக்கு. முன்னாடி எத்தனை அண்ணா போட்டாலும், கடைசி எழுத்து வரும்போது நம்ம மனசுல அவருக்கு எந்த இடம்னு தெரிஞ்சிடும். சிலர் இதை உணர்ந்து, ரெண்டுக்கும் நடுவுல ஒரு சந்து கண்டுபிடிச்சு வச்சிருக்காங்க: “சாப்பாடு ஆச்சா?”, “கேட் திறக்கணுமே”, “சாவி எங்க இருக்கு?” நீயும் இல்லை, நீங்களும் இல்லை. நீன்னு சொல்ல கூச்சம், நீங்கன்னு சொல்லவும் மனசு வரலை. அந்தத் தயக்கத்துக்கு ஒரு இலக்கணமே இருக்குன்னா பாருங்களேன்.

“நீ”ன்னா எப்பவுமே மரியாதைக் குறைவா? இல்லை. அம்மாவை நீன்னுதான் கூப்பிடுறோம். சாமியையும் நீன்னுதான். ஊருக்கு ஊர் பழக்கமும் மாறும். கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பையன் சின்னக் குழந்தைகிட்டகூட “வாங்க, போங்க”ன்னு பேசுவான். தெற்கத்திப் பையனுக்கு “அண்ணே, வாண்ணே” என்பது பாசம். அதனால “நான் உரிமையோட நீ சொல்றேன், இதுல என்னடா தப்பு”ன்னு என் ரூம்மேட் கேட்டப்ப, அது நியாயமான கேள்வின்னுதான் எனக்குத் தோணுச்சு.

அதுக்குப் பதில் பழைய ஆராய்ச்சி ஒண்ணுல இருக்கு. ரோஜர் பிரவுன், ஆல்பர்ட் கில்மன் என்ற ரெண்டு பேர் 1960ல ஐரோப்பிய மொழிகள்ல நீ, நீங்க மாதிரியான சொற்களைப் பத்தி ஒரு கட்டுரை எழுதினாங்க. அவங்க கவனிச்சதைச் சுருக்கமா சொன்னா: ரெண்டு பக்கமும் ‘நீ’ன்னா அது நெருக்கம். ஒரு பக்கம் ‘நீ’யும் மறுபக்கம் ‘நீங்க’வும்னா அது அதிகாரம். நம்ம ஹாஸ்டல் வாசல்ல வச்சுப் பார்த்தா உடனே புரியும். நாம “எங்கண்ணா போயிட்ட?”ன்னு கேட்கிறோம். அவர் “டீ குடிக்கப் போனேங்க தம்பி”ன்னு சொல்றார். ஐம்பத்தஞ்சு வயசு ‘ங்க’ போடுது, பத்தொன்பது வயசு ‘நீ’ போடுது. அவரும் நம்மளை “ஏண்டா தம்பி, இவ்ளோ நேரம் கழிச்சு வர்ற?”ன்னு கேட்டு, நாமும் கோவப்படாம சிரிச்சா, அந்த ‘நீ’ பாசம்தான். இல்லைன்னா ‘உரிமை’ங்கிற வார்த்தையை ஒரு பக்கத்து ஆள் மட்டும் வச்சிருக்கார்னு அர்த்தம்.

தமிழ்ல வயசுக்கு மரியாதை தானா வரும். தெரியாத பெரியவரைப் பஸ்ல பார்த்தாலும் “உக்காருங்க தாத்தா”ன்னுதான் வாய் சொல்லும். அந்த வயசை ஒரு காக்கிச் சட்டையோ துடைப்பமோ எப்படி அழிக்குது? இது நாம கண்டுபிடிச்ச பழக்கம் இல்லை. பண்ணையார் வீட்டுச் சின்னப் பையன், தாத்தா வயசு ஆளைப் பேர் சொல்லி ‘டா’ போட்டுக் கூப்பிட, அவர் “சின்னய்யா”ன்னு கும்பிட்டுப் பதில் சொன்ன ஊர்கள் நம்ம மாநிலத்துல நிறைய இருந்துச்சு. யாருக்கு வயசு செல்லும், யாருக்குச் செல்லாதுன்னு சாதி முடிவு பண்ணின காலம் அது. அதை மோசம்னு ஒத்துக்கிற நாமளே, அதோட வாலை மட்டும் ஹாஸ்டல் வரைக்கும் இழுத்துட்டு வந்திருக்கோம்.

நேர்ல பேசுறதாவது பரவாயில்லை. ஆள் இல்லாதப்ப நாம பேசுறது இன்னும் மோசம். நேர்ல ‘அண்ணா’, ரூமுக்குள்ள வந்ததும் “வாட்ச்மேன் வந்தான்டா.” அக்காக்களுக்கு ‘அவள்’கூட கிடையாது: “பெருக்குற ஆயா வந்துச்சா?” வந்துச்சு, போச்சு, சொல்லுச்சு. மழை வந்துச்சு, பஸ் வந்துச்சு, ஆயா வந்துச்சு. சில ஊர்ல சொந்த அக்காவையும் “அக்கா வந்துச்சு”ன்னு பாசமா சொல்றது உண்டு, அது வேற கணக்கு. ஆனா ஹெச்ஓடி மேடம் வந்துச்சுன்னு யாராவது சொல்லிக் கேட்டிருக்கீங்களா?

இதைக் கேட்கிறது நம்ம ரூம்மேட் மட்டும்னு நினைக்க வேண்டாம். நம்ம வகுப்புல பல பேர் முதல் தலைமுறைப் பட்டதாரி சான்றிதழ் கொடுத்து, கட்டணச் சலுகையில சேர்ந்தவங்க. அவங்க அப்பா எங்கேயோ ஒரு அபார்ட்மென்ட் வாசல்ல உக்காந்திருக்கலாம். அம்மா நாலு வீட்டுல பாத்திரம் தேய்ச்சிட்டு இருக்கலாம். “எங்க வீட்டு வேலைக்காரி இன்னிக்கும் லீவு போட்டுட்டா”ன்னு மெஸ் டேபிள்ல ஒருத்தன் சலிச்சுக்கும்போது, எதிர்ல ஒருத்தர் சாப்பாட்டுல இருந்து தலை தூக்காம இருக்கிறதை நான் பார்த்திருக்கேன். அரசாங்கம் 2007லயே இவங்களுக்கு நல வாரியம் அமைச்சது. அதோட பேர்ல ‘வீட்டுப் பணியாளர்கள்’னுதான் இருக்கு. கவர்மென்ட் காகிதத்துக்கு வந்த சொல் நம்ம வாய்க்கு இன்னும் வரலை.

வீட்டுல சின்ன வயசுல இருந்து நீன்னே பழகிட்டோம், இப்ப எப்படி மாத்துறதுன்னு சிலர் கேட்பாங்க. அறிவிப்பு எல்லாம் வேண்டாம். அவங்க கிளம்பும்போது “போயிட்டு வாங்கக்கா”ன்னு ஆரம்பிங்க, மத்த வாக்கியம் தானா பின்னாடி வரும். முதல் நாள் “என்ன தம்பி, புதுசா இருக்கு?”ன்னு சிரிப்பாங்க, நீங்களும் சிரிச்சிடுங்க. “நீன்னே கூப்பிடு கண்ணு, அதுதான் எனக்குப் பிடிக்குது”ன்னு அவங்களே சொன்னா, அப்படியே கூப்பிடுங்க. அது அவங்க கொடுத்த உரிமை. ஒண்ணே ஒண்ணு, “நீங்க எங்க வீட்டு ஆள் மாதிரிக்கா”ன்னு சொல்லிட்டு அதே மூச்சுல மொட்டைமாடியையும் கழுவச் சொல்லாதீங்க. “மாடியும் கழுவணும்க்கா, இன்னிக்கு நேரம் இருக்கா? அதுக்குத் தனியா எவ்ளோ?” இதுல குழைவு கம்மிதான், ஆனா மரியாதை முழுசா இருக்கு.

அன்பா பேசுறதுன்னா நிறையப் பேசுறதுன்னும் சிலர் நினைக்கிறாங்க. அவங்க நேரம் எப்படிப் போகுதுன்னு கொஞ்சம் பாருங்க. நம்ம செக்யூரிட்டி அண்ணாக்களுக்கு காலைல எட்டுல இருந்து ராத்திரி எட்டு வரை டூட்டி. மாத்துற ஆள் லேட்டா வந்தா இவர் வீட்டுக்குப் போக முடியாது. சரியா அந்த எட்டு மணிக்கு நின்னு கதை கேட்டா, வாய் பதில் சொல்லும், கண்ணு ரோட்டுல இருக்கும். ரூம் பெருக்குற அக்கா பதினொரு மணிக்குள்ள ஒரு மாடி முழுக்க முடிக்கணும். நடுவுல நிக்க வச்சா, சூப்பர்வைசர் கண்ணுக்கு அவங்க வேலை செய்யாம நிக்கிறவங்க. மதியம் மூணு மணிக்கு வாட்ச்மேன் தனியா உக்காந்திருக்கும்போது ரெண்டு நிமிஷம் பேசுறது, காலை அவசரத்துல போடுற பத்து ‘சாப்டீங்களா’வை விட நல்லா இருக்கும். என்ன பேசலாம்? அவர் உங்ககிட்ட திருப்பிக் கேட்டா உங்களுக்குச் சங்கடம் இல்லாத எதையும் பேசலாம். “சம்பளம் எவ்ளோண்ணா? பசங்களை ஏன் படிக்க வைக்கல?” இதெல்லாம் பேச்சு இல்லை, விசாரணை. “உன் சிஜிபிஏ எவ்ளோ தம்பி, எத்தனை அரியர்?”ன்னு அவர் ஆரம்பிச்சா நாம நிப்போமா?

டாக்ஸில ஏறினதும் வணக்கம்கூட சொல்லாம நாலு நம்பரைத் தூக்கி வீசுறோமே, ஓடிபி, அதையும் இந்தக் கணக்குலதான் சேர்க்கணும். “வணக்கம்ணா, ஓடிபி சொல்லட்டுமா?”ன்னு கேட்க ரெண்டு செகண்ட் கூட ஆகாது. காலேஜ் பஸ்ல அப்படியே தலைகீழ். வண்டி ஓடும்போது டிரைவர் அண்ணாகிட்ட பேசாம இருக்கிறதுதான் மரியாதை. இறங்கும்போது ஒரு “வரேண்ணா” போதும்.

கடைசியா, மரியாதை நிஜமா சோதிக்கப்படுற இடத்துக்கு வர்றேன். ராத்திரி கேட்.

எங்க ஹாஸ்டல்ல இன்-டைம் 9.30. போன வருஷம் மூணு பசங்க 9.52க்கு வந்து நின்னாங்க. எல்லாருமே அந்த வாட்ச்மேன்கிட்ட நல்லாப் பேசுறவங்க, டீ வாங்கிக் கொடுக்கிறவங்க. “அண்ணா, நீங்க நம்ம ஆளு, நோட்டுல 9.25ன்னு போட்டுக்கிறோம்ணா.” அவர் தயங்கினார், அப்புறம் விட்டுட்டார். அடுத்த வாரம் வேற ஏதோ விஷயத்துக்காக கேமரா பதிவைப் பார்த்தப்ப, நோட்டுல இருக்கிற நேரமும் கேமரா நேரமும் ஒத்துப் போகலை. பசங்க ஆளுக்கொரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தாங்க, முடிஞ்சது. வாட்ச்மேன் காலேஜ் ஆள் இல்லை, ஏஜென்சி ஆள். அவருக்கு விசாரணைகூட இல்லை, ஒரு போன்தான். மறுநாள் வேற ஆள் வந்தார். பழையவரை ஊருக்கு வெளிய ஒரு குடோனுக்கு மாத்திட்டாங்க. அவர் வீட்டுல இருந்து அங்க போக ரெண்டு பஸ் மாறணும்னு கேள்விப்பட்டோம்.

அந்த மூணு பேரும் ஒரு ‘ங்க’ கூடக் குறைக்கலை. ஆனா அவங்க போட்ட அண்ணாவும் வாங்கிக் கொடுத்த டீயும் அந்த ராத்திரி செலவழிக்கத்தான் சேர்த்து வச்ச மாதிரி ஆயிடுச்சு. பாசமா கேட்டா மறுக்க முடியாத இடத்துல இருக்கிறவர்கிட்ட, பாசமா கேட்கிறதும் ஒரு மிரட்டல்தான்.

இதுக்கு எதிர்ப்பக்கமும் இருக்கு. புதுசா வந்தவர் யாருக்கும் வளைஞ்சு கொடுக்கலை. “சாரி தம்பி, சரியான நேரம் போடுங்க”ன்னு சொல்லிட்டார். அதுவரைக்கும் “அண்ணா, அண்ணா”ன்னு நின்னவன் வாயில அடுத்த நொடியே “யோவ், நீ வந்து ஒரு மாசம்கூட ஆகலை” வந்துச்சு. ‘முடியாது’ன்னு கேட்டதும் ‘ங்க’ உதிர்ந்துடுச்சுன்னா, அது அவருக்குப் போட்ட ‘ங்க’ இல்லை, கேட்டுக்குப் போட்டது.

பக்கத்துல நிக்கிற ஃபிரெண்டு அப்படி ‘யோவ்’னு ஆரம்பிச்சா, அங்கேயே அவனுக்குப் பாடம் எடுத்தா ரெண்டு பேருக்கும் ஈகோதான் ஏறும். பேனாவை வாங்குங்க. “லேட்டாயிடுச்சுண்ணா, 9.52ன்னு எழுதுறேன், நீங்க பார்த்துக்கோங்க”ன்னு சொல்லி எழுதுங்க. அவனுக்கும் சேர்த்து அவன் பேரை எழுதிட்டு, பேனாவை அவன் கையில கொடுங்க. கையெழுத்தை அவன் போடட்டும்.