லண்டன்ல பியூட்டி ஸ்டுடியோ: மணப்பெண் மேக்கப்பை நம்பி கடை எடுக்காதீங்க!



போன மாசம் நாமக்கல்ல இருந்து ஒரு அண்ணன் போன் பண்ணாருங்க. ரெண்டு லாரி வெச்சிருக்கார், கொஞ்சம் தோட்டம் இருக்கு. பொண்ணு சேலத்துல பியூட்டிஷியன் கோர்ஸ் முடிச்சு ரெண்டு வருஷம் கல்யாண மேக்கப் பண்ணிட்டு இருந்தது. கல்யாணம் ஆகி இப்போ லண்டன். மாப்பிள்ளை ஐ.டி.ல ஸ்கில்டு ஒர்க்கர் விசா, பொண்ணு டிபென்டன்ட் விசா.

"தம்பி, ஈஸ்ட் ஹாம் பக்கம் ஒரு கடை காலியா இருக்குதாம். அங்க நம்ம தமிழ் ஜனங்க நிறைய. ஒரு கல்யாண மேக்கப்புக்கே 350 பவுண்ட் வாங்கலாமாம். 25 லட்சம் அனுப்பட்டுமா?"

நான் சொன்ன பதில்: "பொண்ணு தொழில் பண்ணட்டுங்க அண்ணா. ஆனா கடை வேண்டாம், இப்போதைக்கு." அவருக்கு வருத்தம்தான். அதுக்கான காரணத்தைக் கணக்கோட எழுதறேன். இதே கேள்வி இருக்கிற குடும்பம் சேலம், நாமக்கல் பக்கம் நிறைய இருக்கும்.

முதல்ல சனிக்கிழமைகளை எண்ணுங்க

ஊர்ல முகூர்த்தம் எந்தக் கிழமையில வந்தாலும் கல்யாணம் நடக்கும். லண்டன்ல எல்லாரும் வேலைக்குப் போறவங்க. ஹால் பெரும்பாலும் சனி, ஞாயிறுதான். ஒரு ஆள் ஒரு காலையில ஒரு மணப்பெண்ணைத்தான் ரெடி பண்ண முடியும்.

சனிக்கிழமையை மட்டும் எடுத்துக்குவோம். வருஷத்துக்கு 52. ஆடியில 4, புரட்டாசியில 4, மார்கழியில 4 போயிடும். எல்லாரும் இதைப் பார்க்கிறதில்லை, ஆனா பாதிப் பேர் பார்த்தாலே நமக்கு அடி. இதுல இன்னொரு சிக்கல் இருக்கு. அங்க ஸ்கூல் லீவு, நல்ல வெயில், விசேஷம் வைக்க வசதி, எல்லாமே ஜூலை கடைசியில இருந்து ஆகஸ்ட் வரைக்கும். நம்ம ஆடி அதே நேரத்துல பாதி ஆகஸ்ட் வரைக்கும் உட்கார்ந்திருக்கும்.

மீதி 40 சனிக்கிழமை. புதுசா போன பொண்ணுக்கு அதுல பாதி புக்கிங் வந்தாலே பெரிய விஷயம். 20 மணப்பெண், தலைக்கு 350 பவுண்ட், மொத்தம் 7,000. மாசத்துக்குப் பிரிச்சா 580 பவுண்ட் சில்லறை. ட்ரையல் மேக்கப்புக்கு ஒரு நாள், கல்யாணத்தன்னைக்கு விடியக்காலம் 4 மணிக்குக் கிளம்பி மதியம் திரும்பற ஒரு நாள், ரெண்டும் இந்த 350-க்குள்ளதான்.

சாமத்திய வீடுன்னு இலங்கைத் தமிழ்க் குடும்பங்கள் சொல்ற மஞ்சள் நீராட்டு விழா லண்டன்ல கல்யாணம் மாதிரியே நடக்கும். அந்தப் பொண்ணுக்கும் மணப்பெண் மாதிரி முழு அலங்காரம் உண்டு. அதையும் சேர்த்துக்கலாம். ஆனா அங்க இருக்கிற தமிழர்கள்ல பெரும்பகுதி யாழ்ப்பாணப் பக்கத்துக் குடும்பங்கள். கூறைச்சேலை கட்டு, கொண்டை, நகை வைக்கிற வரிசை, எல்லாம் நம்ம கொங்கு கல்யாணத்துல இருந்து வேற. சேலத்துல கத்துக்கிட்டது மட்டும் போதாது. அதை அங்கேயே ஒருத்தர்கிட்ட நின்னு கத்துக்கணும்.

வாடகையைக் கட்டறது நூல்தான்

இப்போ கடைச் செலவு. கணக்குக்காக வெச்சுக்குவோம்: வாடகை 1,500 பவுண்ட். கரண்ட், தண்ணி, நெட், கார்டு மெஷின் 500. பொருள், இன்சூரன்ஸ் 400. உதவிக்கு ஒரு ஆள், வாரம் 30 மணி நேரம். 2025 ஏப்ரல்ல அங்க குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்ட் ஆச்சு, அந்தக் கணக்குல பார்த்தாலே மாசம் 1,600 பக்கம் வரும். மொத்தம் 4,000 பவுண்ட். வாடகை மதிப்பு 12,000 பவுண்டுக்குக் கீழ இருக்கிற ஒரே கடைன்னா பிசினஸ் ரேட்ஸ் வரி தள்ளுபடி கிடைக்கும். இந்தக் கணக்குல அதைச் சேர்க்கலை.

புருவம் த்ரெடிங் ஒண்ணு 5 பவுண்டுன்னா, 4,000-க்கு 800 பேர் வரணும். 26 நாள் கடை திறந்தா ஒரு நாளைக்கு 31 பேர். இது கைக்கும் வாய்க்கும் சரியா இருக்கிற கணக்கு. பொண்ணுக்கு இன்னும் சம்பளமே வரலை.

அண்ணன்கிட்ட லாரி பாஷையிலயே சொன்னேன்: "மணப்பெண் மேக்கப் ஒன்வே லோடுங்க. வாடகை நல்லா வரும், ஆனா அந்தப் பொண்ணு திரும்ப வராது. த்ரெடிங்தான் ரிட்டன் லோடு. மூணு, நாலு வாரத்துக்கு ஒரு தடவை அதே ஆள் வந்தே ஆகணும். ரிட்டன் லோடு இல்லாம நீங்க வண்டி ஓட்டுவீங்களா?" அவருக்குச் சட்டுனு புரிஞ்சுது.

இன்னொண்ணு. த்ரெடிங் கூட்டம் அதிகமா வர்ற நாள் எது? அதே சனிக்கிழமை. பொண்ணு மண்டபத்துல இருக்கும்போது கடையில நல்ல கை இல்லைன்னா, அன்னைக்கு வந்த 20, 30 பேர் பக்கத்துக் கடைக்குப் போயிடுவாங்க. அப்போ அந்த 350-ல இருந்து இந்த நஷ்டத்தையும் கழிக்கணும். தீபாவளிக்கு முந்தின வாரம், பொங்கல், ரம்ஜானுக்கு முந்தின ராத்திரி மருதாணி, இதெல்லாம் நல்ல கூட்டம்தான். ஆனா அது போனஸ். போனஸை நம்பி மாச வாடகைக்குக் கையெழுத்துப் போடக் கூடாது.

"ஊர்ல இருந்து ரெண்டு பொண்ணுங்களைக் கூட்டிக்கலாம்"

இதை அண்ணனும் சொன்னாரு. முடியாதுங்க. பியூட்டிஷியன் வேலைக்கு ஸ்பான்சர் பண்ணி ஆள் எடுக்கிற விசா வழி அங்க இல்லை. 2025 ஜூலைக்கு அப்புறம் ஸ்கில்டு ஒர்க்கர் விசாவே பெரும்பாலும் டிகிரி அளவு வேலைகளுக்குத்தான்.

அப்போ படிக்கப் போன பொண்ணுங்களை வெச்சுக்கலாமான்னா, அதுலதான் பல பேர் மாட்டறாங்க. ஸ்டூடன்ட் விசாவுல இருக்கறவங்க சம்பளத்துக்கு, குறிப்பிட்ட மணி நேரம்தான் வேலை செய்யலாம். சொந்தத் தொழில் பண்ணக் கூடாது. சலூன்கள்ல நடைமுறை என்னன்னா, "நீ செல்ஃப் எம்ப்ளாய்டு, பாதி உனக்கு, பாதி எனக்கு"ன்னு பேசிடுவாங்க. அந்தப் பேச்சே ஸ்டூடன்டுக்கு விசா மீறல். அனுமதி இல்லாத ஆளை வேலைக்கு வெச்சா கடைக்காரருக்கு முதல் தடவையே ஒரு ஆளுக்கு 45,000 பவுண்ட் வரைக்கும் அபராதம். அண்ணன் அனுப்பறேன்னு சொன்ன மொத்தப் பணத்தைப் போல ரெண்டு மடங்கு!

ஸ்கில்டு ஒர்க்கரோட டிபென்டன்டா இருக்கிற நம்ம பொண்ணுக்கு இந்தத் தடை இல்லை. வேலையும் பண்ணலாம், சொந்தத் தொழிலும் பண்ணலாம்.

25 லட்சம் அனுப்பறதுல இருக்கிற கணக்கு

பவுண்ட் 115 ரூபாய்னு வெச்சா 25 லட்சம் 21,700 பவுண்ட் சொச்சம். மாசச் செலவு 4,000-னு பார்த்தோம். கண்ணாடி, சேர், பெயின்ட், மூணு மாச டெபாசிட் எதுவுமே கழிக்காம, வியாபாரமே இல்லைன்னா அஞ்சு மாசம் தாங்கும். அவ்வளவுதான்.

ஒரு நிதியாண்டுல ஒருத்தர் வெளிநாட்டுக்கு அனுப்பற தொகை 10 லட்சத்தைத் தாண்டினா, தாண்டின தொகைக்கு 20% டி.சி.எஸ். பிடிப்பாங்க. 25 லட்சத்தை ஒரே தடவை அனுப்பினா 15 லட்சத்துக்கு 3 லட்சம் பிடிச்சு வெச்சுடுவாங்க. இது வரி இல்லை, ஐ.டி. ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கிக்கலாம். ஆனா விவசாய வருமானம்னு ரிட்டர்னே போடாம இருக்கிற அப்பாக்கள் நம்ம பக்கம் நிறைய. ரிட்டர்ன் போடலைன்னா அந்த 3 லட்சம் திரும்பாது. மார்ச்ல ஒரு 10, ஏப்ரல்ல ஒரு 10-னு ரெண்டு நிதியாண்டாப் பிரிச்சா 20 லட்சம் வரைக்கும் இந்தப் பிரச்சினையே இல்லை.

தோட்டத்து மேல கடன் வாங்கி அனுப்பறது வேண்டவே வேண்டாம். வெளிநாட்டுல முதலீடு பண்றதுக்காக அனுப்பற பணத்துக்கு வங்கி கடன் தரக் கூடாதுன்னு ரிசர்வ் வங்கி விதி இருக்கு. வேற காரணம் எழுதிக் கடன் வாங்கறது அடுத்த வம்பு.

சரி, என்னதான் பண்றது?

என் கருத்து இதுதான். முதல் ஆறு மாசம் ஓடிட்டு இருக்கிற ஒரு சலூன்ல ஒரு சேரை வாடகைக்கு எடுங்க. வாரம் நாலு நாள் போதும். செல்ஃப் எம்ப்ளாய்டுன்னு வரித்துறையில பதிவு பண்ணிடுங்க. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி அந்தப் பகுதி கவுன்சில்ல கேளுங்க: ஸ்பெஷல் ட்ரீட்மென்ட் லைசென்ஸ் எந்தெந்த வேலைக்கு வேணும், சலூனோட லைசென்ஸ்ல உங்க பேர் சேரணுமான்னு. லண்டன்ல ஒரு கவுன்சில்ல இருக்கிற லிஸ்ட் அடுத்த கவுன்சில்ல அப்படியே இருக்கும்னு நினைக்காதீங்க. இன்சூரன்ஸ் கம்பெனி ஊர் சர்டிஃபிகேட்டை ஏத்துக்குமா, இல்லை அங்க லெவல் 2 கோர்ஸ் முடிக்கணுமான்னும் முதல்லயே கேட்டுடுங்க.

ஊர்ல இருந்து மருதாணி கோன் பெட்டி பெட்டியா கொண்டு போறது வேண்டாம். நிஜ மருதாணி எடுத்தவுடனே ஆரஞ்சா இருக்கும், ஒரு நாள் ரெண்டு நாள் கழிச்சுத்தான் கருஞ்சிவப்பாகும். பத்து நிமிஷத்துல கருப்பாகுதுன்னா அதுல வேற ஏதோ கலந்திருக்கு. பெரும்பாலும் ஹேர் டையில போடற பி.பி.டி. அதைத் தோல்ல போடறது அங்க சட்டப்படி தப்பு. கொப்புளம் வந்து ஒரு மணப்பெண் கேஸ் போட்டா இன்சூரன்ஸ் கை கொடுக்காது.

அந்த ஆறு மாசத்துல ஒரு நோட்டுப் போட்டு ஒண்ணே ஒண்ணு எழுதுங்க: இந்த மாசம் புதுசா வந்த பத்துப் பேர்ல அடுத்த மாசம் எத்தனை பேர் அதே பொண்ணைத் தேடி வந்தாங்க? ஆறு, ஏழு பேர் வந்தா கை பிடிச்சிருக்குன்னு அர்த்தம். ரெண்டு, மூணுதான்னா, தெரு, விலை, கைவேலை, இந்த மூணுல ஏதோ ஒண்ணு சரியில்லை. அதைக் கண்டுபிடிக்காம கடை எடுத்தா வாடகைதான் மிஞ்சும்.

திரும்பி வர்றவங்க ஒரு நாளைக்கு 15 பேரைத் தாண்டினப்புறம் கடை பாருங்க. அப்பவும் அஞ்சு வருஷ லீஸ்னா, ரெண்டாவது வருஷத்துல வெளிய வர பிரேக் கிளாஸ் இல்லாம கையெழுத்துப் போடாதீங்க. மாப்பிள்ளையோட வேலை போனா விசாவும் சேர்ந்து ஆடும். லீஸ் மட்டும் ஆடாம அப்படியே நிக்கும்.

அண்ணன் கடைசியா என்ன பண்ணாருன்னா, 4 லட்சம் மட்டும் அனுப்பினார். கோர்ஸ் பீஸ், இன்சூரன்ஸ், நல்ல லைட், கிட், மூணு மாச சேர் வாடகைக்கு அது போதும். மீதி 21 லட்சம் டெபாசிட்ல இருக்கு. பொண்ணோட நோட்டு ஆறாவது மாசம் என்ன சொல்லுதோ, அதைப் பார்த்துட்டுத்தான் அடுத்த பேச்சுன்னு சொல்லிட்டார்.

உங்க வீட்டுலயும் இந்தப் பேச்சு ஓடிட்டு இருந்தா, எந்த ஊரு, என்ன விசான்னு கீழ எழுதுங்க. அடுத்த வீடியோவுல இதே கணக்கை சிங்கப்பூருக்குப் போட்டுப் பார்க்கலாம்.