பிளஸ் ஒன் புத்தகம் ஏன் புதுசாகவே இருந்தது?

பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளையின் பையில் பிளஸ் டூ புத்தகம். சில ஆண்டுகளுக்கு முன்பு தமிழ்நாட்டின் பல தனியார் பள்ளிகளில் இது சாதாரணக் காட்சி. ஜூன் மாதமே பிளஸ் டூ பாடம் தொடங்கிவிடும். பிளஸ் ஒன் புத்தகம் மடிப்புக்கூடக் கலையாமல் அலமாரியில் இருக்கும்.

காரணம் எளிது. பிளஸ் டூவுக்குப் பொதுத்தேர்வு உண்டு, பிளஸ் ஒன்னுக்கு இல்லை. ரிசல்ட் வந்ததும் பள்ளி வாசலில் ஃபிளெக்ஸ் வைப்பது பிளஸ் டூ மதிப்பெண்ணுக்குத்தான். தேர்வு கேட்காத பாடத்தை நடத்தும் ஆசிரியரை யாரும் பாராட்டுவதில்லை. தேர்ச்சி விகிதம் குறைந்தால் மட்டும் விளக்கம் கேட்பார்கள்.

தேர்வு உள்ள வகுப்பிலாவது முழுப் பாடமும் நடந்ததா என்றால், அதுவும் இல்லை. பழைய பிளஸ் டூ கணிதத் தேர்வைப் பாருங்கள். மொத்தம் 200 மதிப்பெண், தேர்ச்சிக்கு 70. ஒரு மதிப்பெண் கேள்விகள் 40. அவற்றில் பெரும்பாலானவை புத்தகத்தில் உள்ளபடியே வரும். பத்து மதிப்பெண் கேள்விகள் 15 வரும், 10 எழுதினால் போதும். எந்தப் பாடத்திலிருந்து எத்தனை கேள்வி என்பதை ‘புளூபிரிண்ட்’ முன்கூட்டியே சொல்லிவிடும்.

இப்போது, கணக்கில் பின்தங்கிய முப்பது பேரைக் கரையேற்ற வேண்டிய ஓர் ஆசிரியரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு மதிப்பெண் கேள்விகளை மனப்பாடம் செய்ய வைத்தால் 30 வாங்கலாம். அணிகள் மாதிரி, படி மாறாத கணக்குகளைத் திரும்பத் திரும்பப் போட வைத்தால் நான்கு பத்து மதிப்பெண் கேள்விகள், அதாவது 40. இரண்டும் சேர்ந்தால் சரியாக 70! பாஸ். புத்தகத்தில் இருந்த பத்துப் பாடங்களில் இரண்டோ மூன்றோ போதும். மிச்சத்தை விட்டுவிட்ட அந்த ஆசிரியர் சோம்பேறி இல்லை. வினாத்தாள் சொல்லிக்கொடுத்த கணக்கைத்தான் அவரும் போட்டார்.

இதற்கான விலையைப் பிள்ளைகள் கல்லூரியில் கொடுத்தார்கள். வகையிடலும் தொகையிடலும் அறிமுகமாவது பிளஸ் ஒன்னில்தான். அதைத் தாண்டிக் குதித்த மாணவருக்குச் சூத்திரம் தெரியும். அது எங்கிருந்து வந்தது என்று தெரியாது. பொறியியல் முதலாண்டுக் கணிதம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. நீட் தேர்வோ பிளஸ் ஒன், பிளஸ் டூ இரண்டு பாடங்களிலிருந்தும் கேட்கிறது.

இதைச் சரிசெய்யத்தான் 2017-18 கல்வியாண்டில் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. புளூபிரிண்டும் கைவிடப்பட்டது. அலமாரியில் கிடந்த புத்தகம் மேசைக்கு வந்தது. ஆனால் 2018-லேயே, கல்லூரிச் சேர்க்கைக்கு பிளஸ் டூ மதிப்பெண் மட்டும் போதும் என்று அரசு அறிவித்தது. மதிப்பெண்ணுக்கு வேலை இல்லை என்றதும் அந்தத் தேர்வின் பிடி தளர்ந்தது. பிள்ளைகளுக்கு அடுத்தடுத்து மூன்று ஆண்டுகள் பொதுத்தேர்வு என்ற சுமை மட்டும் மிஞ்சியது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை, பிளஸ் ஒன் பொதுத்தேர்வு வேண்டாம் என்றது.

சுமை குறைவது நல்லதுதான். ஆனால் தேர்வை மட்டும் எடுத்துவிட்டு மற்றதை அப்படியே விட்டால், புத்தகம் மறுபடி அலமாரிக்குப் போகும். இன்னொரு தேர்வு வைப்பதும் இதற்குத் தீர்வாகாது. அந்தத் தேர்வுக்கும் ஒரு குறுக்குவழி பிறக்கும். மாற வேண்டியது பிளஸ் டூ வினாத்தாள். பிளஸ் ஒன் அடிப்படை தெரியாமல் போட முடியாத கேள்விகள் அதில் ஆண்டுதோறும் இடம்பெற வேண்டும். ஒரு பாடத்தையே விட்டுவிடும் அளவுக்குச் சாய்ஸ் தரக்கூடாது. அடுத்த ஆண்டின் பொதுத்தேர்வே பிளஸ் ஒன் பாடத்தைக் கேட்கும் என்று தெரிந்தால், ஆசிரியர் அதை நடத்தியே தீருவார். நடத்த நேரம் கொடு என்று நிர்வாகத்திடம் கேட்கவும் அவருக்கு ஒரு காரணம் கிடைக்கும்.

அதுவரை பெற்றோர் செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. காலாண்டு விடுமுறையில் பிளஸ் ஒன் பிள்ளையின் கணித நோட்டையும் இயற்பியல் நோட்டையும் பாடப்புத்தகத்தின் பொருளடக்கத்தோடு வைத்துப் பாருங்கள். எந்தெந்தப் பாடம் விட்டுப்போயிருக்கிறது என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பையில் பிளஸ் டூ புத்தகம் இருந்தால், நோட்டைத் திறக்கவே வேண்டாம்!